கற்றடோனியா: ஒரு சொல்லும் ஒரு ஊசியும்

போன மாதம் எங்கள் வாட்டில் ஒரு அம்மா. ஐம்பத்தைந்து வயதிருக்கும். மூன்று நாளாகச் சாப்பாடில்லை, தண்ணி இல்லை, கதை இல்லை. பக்கவாதமோ என்று சி.ரி. எடுத்தாயிற்று, ஒன்றுமில்லை. இரத்தத்தில் சோடியம், சீனி எல்லாம் சரி. புதிதாக வந்த இன்ரேண் தம்பி ரிக்கற்றில் எழுதியிருந்தது: 'நோயாளி ஒத்துழைக்கவில்லை.' மகளோ, "பேயறைஞ்ச மாதிரி இருக்கிறா, டொக்டர்" என்றா. இரண்டு பேரில் மகள்தான் நோய்க்குக் கிட்டப் போயிருந்தா.

இந்த நிலைக்குப் பெயர் கற்றடோனியா. 1874இல் கார்ல் கால்பௌம் என்ற ஜெர்மன் மனநல மருத்துவர் வைத்த பெயர். கிரேக்கத்தில் 'கற்றா' என்றால் கீழே, 'தோனோஸ்' என்றால் இழுத்துக் கட்டிய நாணின் முறுக்கு. யாழ் நரம்பை முறுக்கி வைப்பது போல. அவரே தன் நூலின் தலைப்பில் ஜெர்மனில் இன்னொரு பெயரும் கொடுத்தார், அதன் பொருள் 'இறுக்கப் பித்து'. ஆக, பெயர் வைத்தவர் மனதில் இருந்தது அசையாமை மட்டுமில்லை, இறுக்கமும்தான். அப்புறம் எமில் கிரெப்பலின் என்ற இன்னொரு ஜெர்மன் மனநல மருத்துவர் இதை மனச்சிதைவின் ஒரு வகையாக அடக்கிவிட்டதால், இது மனநல வாட்டுக்காரர் பார்க்கும் நோய் என்ற எண்ணம் நிலைத்துவிட்டது. ஆனால் மூளையழற்சியிலும் மனச்சோர்விலும், பதற்றம் தணிக்கும் பென்சோடயசெபீன் மாத்திரையைத் திடீரென நிறுத்தினாலும் இது வரும்.

தமிழில் என்ன சொல்வது? 'விறைப்பு' என்றால் ஒரே ஒரு அறிகுறிதான் வருகிறது. 'உறைநிலை' தண்ணீருக்குப் போய்விட்டது. 'ஸ்தம்பித்தல்' அசையாமையை நன்றாகச் சொல்லும், ஆனால் கற்றடோனியாவில் காரணமில்லாமல் துள்ளி ஓடுபவரும் உண்டு, நாம் சொன்னதையே திருப்பிச் சொல்பவரும் உண்டு. எனக்குச் சரியாகப் படுவது 'இறுக்கநிலை'. ஓடுபவருக்கு அது பொருந்தாதுதான், ஆனால் கால்பௌமின் சொல்லுக்கும் அதே குறை இருக்கிறது.

அந்த அம்மாவின் கட்டிலடியில் இன்ரேண் தம்பியை நிறுத்திக் காட்டினேன். கையைத் தூக்கிக் காற்றில் விட்டோம். அது அப்படியே நின்றது, ஒரு நிமிடத்துக்கு மேலே. கையை மடக்கும்போது மெழுகை வளைப்பது போல ஒரே சீரான தடை. "கையைத் தூக்க விடாதீங்கோ அம்மா" என்று சொல்லிவிட்டு ஒரு விரலால் மெல்லத் தொட்டேன், கை தானாக மேலே வந்தது. நான் என் தலையைப் பெரிதாகச் சொறிந்தேன், அவவும் சொறிந்தா. கற்றடோனியாவை அளக்கும் புஷ்-பிரான்சிஸ் அளவையின் முதல் 14 அறிகுறிகளில் இரண்டு இருந்தாலே சந்தேகப்படலாம். அவவுக்கு ஏழு இருந்தது, 23 அறிகுறிகளுக்குமான மொத்தப் புள்ளி 18.

இது கற்றடோனியாதானா என்று சோதிக்க, பென்சோடயசெபீன் வகையைச் சேர்ந்த லொராசெபம் ஊசி போடுவோம். அதற்கு முன் வெப்பநிலையும், தசைச் சிதைவைக் காட்டும் சி.கே. இரத்தச் சோதனையும் பார்த்தோம். காய்ச்சலோடு இறுக்கம் இருந்து, அண்மையில் மனநோய் மருந்து கொடுத்திருந்தால் அந்த மருந்தால் வரும் உயிராபத்தான நியூரோலெப்டிக் மலிக்னன்ட் சின்ட்ரோம் என்று யோசிக்க வேண்டும். மனநோய் மருந்தான ஹலோபெரிடோலை இந்த நிலையில் குத்துவது அந்த ஆபத்தைக் கூட்டும். "கொஞ்சம் குழம்பி இருக்கிறா" என்று இரவில் அதைக் குத்துவதுதான் நான் அதிகம் பயப்படுகிற பிழை.

பிறகு ஒட்சிசன் அளவுமானியை விரலில் மாட்டி, மூச்சுக் கொடுக்கும் அம்பு பையைப் பக்கத்தில் வைத்து, லொராசெபம் 1 மி.கி. மருந்தை அதே அளவு சேலைனில் கலந்து நாளம் வழியாக மெல்லக் கொடுத்தோம். ஐந்து நிமிடம். மாற்றமில்லை. தம்பி என்னைப் பார்த்தார். இன்னொரு 1 மி.கி. கொடுத்துவிட்டு மீண்டும் ஐந்து நிமிடம் காத்திருந்து, முதலில் செய்த சோதனைகளையே அதே வரிசையில் செய்தோம். இந்த முறை தூக்கிவிட்ட கை தானாக இறங்கியது. கொஞ்ச நேரத்தில், "தண்ணி தாங்கோ" என்றா. புள்ளி 7. பாதிக்குப் பாதி குறைந்தாலே சோதனை வெற்றி. (தசையில் போட்டால் பதினைந்து நிமிடமும், வாயால் கொடுத்தால் அரை மணியும் காத்திருக்க வேண்டும்.)

இங்கே இரண்டு இடங்களில் தடுக்கி விழலாம். மாற்றம் வரவில்லை என்பதால் கற்றடோனியா இல்லை என்று எழுதக்கூடாது. பலருக்கு ஒரு வேளை மருந்து போதாது. மாற்றம் வந்தாலும் உறுதி என்றில்லை, ஏனென்றால் வெளியே தெரியாமல் மூளைக்குள் மட்டும் ஓடும் வலிப்பும் இதே ஊசிக்கு அடங்கும். ஈ.ஈ.ஜி. கேட்டது அதற்காகத்தான். மூச்சு நோய் உள்ளவருக்கு ஊசி மூச்சைத் தளர்த்தலாம், சிலருக்குத் தூக்கத்தை மட்டும் கொடுக்கலாம். கண் திறக்காமல் கை தளர்ந்துபோனால் அது முன்னேற்றமில்லை.

நான்கு மணித்தியாலத்தில் அவ திரும்பவும் இறுகிப் போனா. மகள் பயந்துவிட்டா, தம்பியும்தான். ஊசியின் பலம் அவ்வளவு நேரத்துக்குத்தான், அதனால்தான் நாளுக்கு மூன்று தரம் 1 மி.கி. என்று ஒழுங்காகத் தொடங்கி, மனநல மருத்துவருக்குத் தெரிவித்தோம். மருந்து போதாவிட்டால் மின்னதிர்வுச் சிகிச்சை. அதுவரை சேலைன், கால் நாளத்தில் இரத்தம் உறையாமல் ஊசி, இரண்டு மணிக்கொரு தரம் திருப்பிப் படுக்க வைத்தல். ரிக்கற்றில் தம்பி பழைய வரியைக் கோடிட்டு வெட்டிவிட்டு, கீழே எழுதினார்: 'இறுக்கநிலை, லொராசெபம் 2 மி.கி.க்குப் பின் 18இலிருந்து 7.'