தண்டுவட நீர் ரிப்போர்ட்டில் சர்க்கரை நார்மல் என்றால் நம்பலாமா?

எங்கள் தர்மபுரி பக்கம் காய்ச்சலோடு பிதற்றினால் ‘ஜன்னி’ என்பார்கள், ஆஸ்பத்திரியில் சொன்னால் ‘மூளைக்காய்ச்சல்’ என்பார்கள். இந்த ஒரே பெயருக்குள் பல நோய்கள் அடக்கம். மூளையைச் சுற்றியுள்ள உறை வீங்கும் மெனிஞ்சைட்டிஸ் அதில் ஒன்று. அது வைரஸால் வந்தால் பெரும்பாலும் ஓய்விலும் வலி மாத்திரையிலும் தானாகவே அடங்கிவிடும். பாக்டீரியாவால் வந்தால் ஒரே நாளில் உயிரைப் பறிக்கலாம், பிழைத்தாலும் காது கேட்காமல் போகலாம். ஆனால் முதல் நாளில் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

காய்ச்சல், கடுமையான தலைவலி, கழுத்து விறைப்பு, சுயநினைவில் தடுமாற்றம். பாக்டீரியா மெனிஞ்சைட்டிஸ் வந்த பெரியவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் இந்த நான்கில் குறைந்தது இரண்டு இருக்கும். நான்கும் சேர்ந்து வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. முகவாய் நெஞ்சைத் தொடும்படி குனியச் சொல்லிப் பாருங்கள். முடியாவிட்டால் 108-ஐ அழையுங்கள். கைக்குழந்தைக்குக் கழுத்து விறைக்காமலே இருக்கலாம். பால் குடிக்க மறுப்பது, கீச்சென்ற அழுகை, துவண்டு கிடப்பது, உச்சிக்குழி புடைப்பது இவைதான் அங்கே அடையாளம். அழுத்தினாலும் மறையாத சிவப்பு, ஊதாப் புள்ளிகள் வந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. மாநிறத் தோலில் அவை எளிதில் தெரியாது. உள்ளங்கை, உள்ளங்கால், கண் இமையின் உட்பக்கம் பார்க்க வேண்டும்.

எது என்று பிரித்துச் சொல்வது முதுகில் ஊசி போட்டு எடுக்கும் தண்டுவட நீர்தான். ‘முதுகில் ஊசி போட்டால் கால் விழுந்துவிடும்’ என்று கையெழுத்துப் போட மறுக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பின் முதல், இரண்டாம் எலும்போடு முடிந்துவிடுகிறது. ஊசி இறங்குவது அதற்கும் கீழே, மூன்றாவது நான்காவது எலும்புக்கு நடுவில் அல்லது நான்காவது ஐந்தாவதுக்கு நடுவில். எடுக்கும் சில மில்லி நீரை உடம்பு அரை மணிக்குள் மீண்டும் சுரந்துவிடும்.

ரிப்போர்ட்டில் அதிகம் ஏமாற்றுவது சர்க்கரை வரி. பாக்டீரியா தொற்றில் அந்த நீரில் சர்க்கரை குறையும், வைரஸில் பொதுவாகக் குறையாது. இதைப் பலரும் அறிவார்கள். ஆனால் அந்த எண்ணைத் தனியாகப் படித்தால் பயனில்லை. தண்டுவட நீருக்குச் சர்க்கரை ரத்தத்திலிருந்துதான் போகிறது. வழக்கமாக ரத்தத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கு இருக்கும். அதனால் ஊசிக்குச் சற்று முன்பே ரத்தச் சர்க்கரையையும் எடுத்தாக வேண்டும்.

ஓர் உதாரணம். பாலக்கோட்டுத் தக்காளி மண்டியில் வேலை பார்க்கும் 45 வயதுப் பெண், சர்க்கரை நோயாளி என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நாள் காய்ச்சல், தலைவலி. பக்கத்து கிளினிக்கில் இரண்டு ஊசி போட்டிருக்கிறார். தண்டுவட நீரில் சர்க்கரை 58. லேப் தாளில் 45 முதல் 80 வரை நார்மல் என்று அச்சிட்டிருப்பதால் சிவப்புக் குறியே இல்லை. ஆனால் ரத்தச் சர்க்கரை 210. 58-ஐ 210-ஆல் வகுத்தால் 0.28 வருகிறது. 0.4-க்குக் கீழே போனாலே பாக்டீரியாவைச் சந்தேகிக்க வேண்டும். நீர் லேசாகக் கலங்கியிருக்கிறது, வெள்ளை அணுக்கள் 640, அதில் 70 சதவீதம் நியூட்ரோபில், புரதம் 165. வைரஸ் என்றால் லிம்போசைட் என்ற வேறு வகை வெள்ளை அணு முன்னிற்கும், புரதம் 100-ஐத் தாண்டுவது குறைவு. ரத்தச் சர்க்கரை மிக உயர்ந்தவர்களுக்கு இந்த விகிதமும் கொஞ்சம் இறங்கித்தான் வரும். அதனால் அதே நீரில் லாக்டேட்டையும் பார்க்கிறோம். அதை ரத்தச் சர்க்கரை அசைப்பதில்லை. இவருக்கு 5.8. 3.5-க்கு மேல் போனாலே பாக்டீரியா பக்கம் சாய்கிறது என்று அர்த்தம்.

கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை. இங்கேதான் ‘அப்போ வைரஸ்தானே’ என்று மருந்தை நிறுத்தும் தவறு நடக்கிறது. கிளினிக் ஊசி ஆன்டிபயாட்டிக்காக இருந்தால் சில மணி நேரத்திலேயே கல்ச்சரை வெறுமையாக்கிவிடும். அணுக்களும் புரதமும் அவ்வளவு சீக்கிரம் மாறாது, அவைதான் சாட்சி. அதற்காக ஆன்டிபயாட்டிக் ஊசியைத் தள்ளிப்போடச் சொல்லவில்லை. ஸ்கேனுக்கோ முதுகு ஊசிக்கோ நேரமாகும் என்றால் ரத்தக் கல்ச்சர் எடுத்துவிட்டு ஆன்டிபயாட்டிக்கை உடனே தொடங்குவதுதான் முறை.

எதிர்த் திசையிலும் ஏமாறலாம். வைரஸ் மெனிஞ்சைட்டிஸில் முதல் ஓரிரு நாள் நியூட்ரோபில் தூக்கலாக இருப்பதுண்டு. குப்பியை லேபுக்கு அனுப்பாமல் மேசையில் வைத்திருந்தால் அணுக்கள் உடைந்து எண்ணிக்கை குறையும், சர்க்கரையும் கரையும். கல்ச்சர் குப்பியைக் குளிர்பெட்டியில் வைத்தால் சில கிருமிகள் செத்தே போகும். இன்னொன்று: லிம்போசைட் அதிகம், ஆனால் சர்க்கரை குறைவு, தலைவலியோ வாரக்கணக்கில் இருக்கிறது என்றால் அது வைரஸ் அல்ல; நம் ஊரில் முதலில் காசநோயை நினைக்க வேண்டும்.

கூட வருபவர்கள் கிளினிக்கில் போட்ட ஊசியின் சீட்டையோ காலிக் குப்பியையோ கையில் எடுத்து வாருங்கள், எத்தனை மணிக்குப் போட்டார்கள் என்பதையும் சொல்லுங்கள். வெறுமையான கல்ச்சரை எப்படிப் படிப்பது என்பது அந்த நேரத்தைப் பொறுத்தது.