நீட் ரிசல்ட் மறுநாள் வரும் விளம்பரத்தைப் படிப்பது எப்படி?

நீட் ரிசல்ட் வந்த மறுநாள் காலை நாளிதழின் முதல் பக்கத்தைப் பாருங்கள். செய்திக்கு முன்னால் கோச்சிங் சென்டர் விளம்பரம்தான் இருக்கும். வரிசை வரிசையாகப் பிள்ளைகளின் முகங்கள், கீழே மார்க், நடுவில் பெரிதாக ஒரு எண். மூலையில் 'ரிப்பீட்டர் பேட்ச் அட்மிஷன் நடைபெறுகிறது'. நுகர்வோர் வழக்குகள் நடத்துபவன் என்பதால், அந்தப் பக்கத்தை நம்பிப் பணம் கட்டியவர்கள் சில மாதம் கழித்து என்னிடம் வருகிறார்கள்.

ஏன் அந்த ஒரு நாள்? மார்க் தெரிந்துவிட்டது, ஆனால் அந்த மார்க்குக்கு இடம் கிடைக்குமா என்பது தெரியாது. தமிழ்நாட்டின் தரவரிசைப் பட்டியலும் கலந்தாய்வும் அதற்குச் சில வாரங்கள் கழித்துத்தான் வரும். அந்த இடைவெளியில்தான் வீட்டில் பதற்றம் உச்சத்தில் இருக்கும். 'இன்னொரு வருஷம் படிக்க வைக்கலாமா' என்ற பேச்சு எழும் அதே நேரத்தில் 'மூன்று நாள் மட்டும் கட்டணச் சலுகை' என்று போன் வரும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ரிசல்ட் மறுநாள் யாருக்கும் எம்பிபிஎஸ் இடம் ஒதுக்கப்பட்டிருக்காது. அன்றைக்கே 'இந்த ஆண்டு எங்கள் மாணவர்கள் இத்தனை பேர் மருத்துவர்கள்' என்று போட்டால் அது வெறும் ஊகம். பெரும்பாலும் 'தகுதி பெற்றவர்கள்' என்ற கணக்கைத்தான் அப்படி மாற்றிப் போடுகிறார்கள். 2025 நீட்டில் 720க்கு 144 எடுத்த பொதுப்பிரிவு மாணவரும் தகுதி பெற்றவர்தான். தேர்வு எழுதிய சுமார் 22 லட்சம் பேரில் 12 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தகுதி பெற்றார்கள். நாடு முழுவதும் உள்ள எம்பிபிஎஸ் இடங்களோ ஒரு லட்சத்துச் சொச்சம்தான்.

சரி, போன வருடம் உண்மையிலேயே இடம் கிடைத்தவர்களைப் போட்டிருந்தால்? என்னிடம் வந்த ஒரு அம்மாவின் விஷயம் அதுதான். '87 பேர் எம்பிபிஎஸ்' என்ற விளம்பரத்தைப் பார்த்து, மகளைப் பத்து மாத வகுப்பில் சேர்த்து, 1,20,000 ரூபாயை மொத்தமாகக் கட்டிவிட்டார். இரண்டு மாதத்தில் அந்தப் பெண்ணால் தொடர முடியவில்லை. பணத்தைக் கேட்டால், ரசீதின் அடியில் பொடி எழுத்தில் இருந்த 'எக்காரணம் கொண்டும் கட்டணம் திருப்பித் தரப்படமாட்டாது' என்ற வரியைக் காட்டினார்கள்.

நோட்டீஸ் அனுப்பினோம். பதிலோடு 87 பேரின் பட்டியலும் வந்தது. எண் பொய்யில்லை. ஆனால் அவர்களில் முழு ஆண்டு வகுப்பில் படித்தவர்கள் 19 பேர். 22 பேர் பிளஸ் டூ தேர்வுக்கும் நீட்டுக்கும் நடுவே கிராஷ் கோர்ஸுக்கு வந்தவர்கள். மீதி 46 பேர் வேறெங்கோ படித்துவிட்டு, இங்கே மாதிரித் தேர்வு மட்டும் எழுதியவர்கள். ஒரே பிள்ளையின் முகம் மூன்று சென்டர்களின் ஃப்ளெக்ஸில் சிரிப்பது இப்படித்தான். அந்த அம்மா வாங்கிய வகுப்புக்கும் அந்த 68 பேருக்கும் சம்பந்தமே இல்லை.

இதைத் தடுக்கத்தான் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பர் 13 அன்று கோச்சிங் விளம்பரங்களுக்கென்று வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. மாணவர் படத்தைப் போட்டால் அவர் எந்த கோர்ஸ் படித்தார், எவ்வளவு காலம், கட்டணம் கட்டியா இலவசமாகவா என்பதையும் சேர்த்துப் போட வேண்டும். படத்துக்கான எழுத்துப்பூர்வ சம்மதத்தை, அவர் தேர்வான பிறகுதான் வாங்க வேண்டும். சேரும்போதே படிவத்தில் வாங்கிய கையெழுத்து செல்லாது. நிபந்தனைகளைப் பொடி எழுத்தில் ஒளிக்கக் கூடாது. 'சில இடங்களே உள்ளன' என்று பொய்யாக அவசரப்படுத்தக் கூடாது. மீறினால் முதல் தடவை 10 லட்சம் வரை அபராதம் விதிக்கலாம். ஆனால் இது ஐம்பது பேருக்கு மேல் படிக்கும் சென்டர்களுக்குத்தான். தெருமுனை டியூஷனுக்குப் பொருந்தாது.

ஆக, பணம் கட்டும் முன் வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு கேள்வி அனுப்புங்கள்: 'நான் சேர்க்கப்போகும் இதே பேட்ச்சில் போன வருடம் எத்தனை பேர் படித்தார்கள், அதில் எத்தனை பேருக்கு அரசு ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தது?' போனில் கேட்காதீர்கள், பதில் எழுத்தில் வேண்டும். 'நேரில் வாங்க, பேசிக்கலாம்' என்றால் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளலாம். கட்டணத்தைத் தவணையாகக் கட்டுங்கள். மொத்தமாகக் கட்டினால் சலுகை என்பதில் சென்டருக்குத்தான் பாதுகாப்பு.

அந்த அம்மா செய்த நல்ல காரியம், விளம்பரம் வந்த பேப்பரைத் தேதியோடு எடுத்து வைத்திருந்தார். 'சீட் கன்ஃபார்ம் மேடம்' என்ற வாட்ஸ்அப் செய்தியையும் அழிக்கவில்லை. பாதியில் விலகினால் மீதிக் காலத்துக்கான கட்டணத்தைப் பத்து நாளில் திருப்பித் தர வேண்டும் என்று மத்திய கல்வி அமைச்சகத்தின் 2024 ஜனவரி வழிகாட்டுதல் சொல்கிறது. அது சட்டம் இல்லை, என்றாலும் பேச்சுவார்த்தையில் கைகொடுத்தது. கணக்குப்படி எட்டு மாதத்துக்கு 96,000 வர வேண்டும், 80,000க்கு முடித்துக்கொண்டோம். முடியாமல் போயிருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருப்போம். ஐந்து லட்சம் வரை அங்கே மனுக் கட்டணம் கிடையாது, சென்டர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பணம் கட்டாதவர்களும்கூட, விளம்பரம் ஏமாற்றுகிறது என்று தோன்றினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.