முட்டிவலிப் பொட்டலமும் மூன்றாவது பி.பி. மாத்திரையும்

பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். "அம்மாவுக்கு 44 வயசு. ரெண்டு மாத்திரை போட்டும் பி.பி. 158/102-லேயே நிற்கிறது. மூணாவது மாத்திரை எழுதும்போது டாக்டர், எதற்கும் தைராய்டு பார்த்துவிடலாம் என்றார். கழுத்தில் இருக்கிற சுரப்பிக்கும் பி.பி.க்கும் என்ன சார் சம்பந்தம்? ஒரு வருஷத்தில் 13 கிலோ ஏறிவிட்டது. சொந்தக்காரர்கள் எல்லாம், முகம் நல்லா பூசினாப்போல ஆயிருச்சு என்கிறார்கள்."

கடைசி வரியைப் படித்ததும் எனக்குச் சந்தேகம் தட்டியது. அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் தைராய்டு.

பி.பி. உள்ளவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு இதுதான் காரணம் என்று ஒன்றைச் சுட்ட முடியாது. வயது, உப்பு, பரம்பரை, எடை எல்லாம் கலந்து கிடக்கும். மிச்சம் இருக்கிற சிலருக்குத்தான் சிறுநீரகமோ ஹார்மோனோ பின்னால் நின்று தள்ளுகிறது. தைராய்டு தள்ளும்போது ஒரு வசதி உண்டு. பி.பி.யின் இரண்டு எண்களே கொஞ்சம் காட்டிக்கொடுக்கும். மேல் எண் இதயம் அழுத்தித் தள்ளும்போது இருக்கும் அழுத்தம். கீழ் எண் இதயம் ஓய்வெடுக்கும் இடைவெளியில் குழாய்களில் மிச்சமிருக்கும் அழுத்தம். சின்னச் சின்னத் தமனிகள் எவ்வளவு இறுகியிருக்கின்றன என்பதைப் பெரும்பாலும் அதுதான் சொல்லும். தைராய்டு ஹார்மோன் அந்தத் தமனிச் சுவரின் தசையைத் தளர்த்தி வைக்கிறது. ஹார்மோன் குறைந்தால் தசை இறுகும், கீழ் எண் ஏறும். இதயமும் மெதுவாகத்தான் அடிக்கும் என்பதால் மேல் எண் அந்த அளவுக்கு ஏறாது. 140/100 மாதிரி இரண்டும் நெருங்கி நிற்கும். கூடவே மலச்சிக்கல், குளிர் தாங்காமை, கம்மிய குரல், அதிக மாதவிடாய், ஏறிய கொழுப்பு. ஹார்மோன் கூடினால் நேர் எதிர்: இதயம் படபடவென்று அடிக்கும், தமனிகள் தளர்ந்து கிடக்கும், 160/60 என்று இரண்டு எண்களும் விலகிப்போகும். கை நடுங்கும், சாப்பிட்டும் இளைக்கும். எண்களை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது, டி.எஸ்.ஹெச். என்ற ரத்தப் பரிசோதனை போதும், தெரிந்துவிடும்.

வாசகரின் அம்மாவுக்கு டி.எஸ்.ஹெச். 1.8. எந்தக் குறையும் இல்லை. ஆகவே கழுத்தை விட்டுவிட்டு இடுப்புக்கு மேலே, சிறுநீரகத்தின் தலையில் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிக்கு வருவோம்.

அது சுரக்கும் ஹார்மோன்களில் இரண்டு நமக்கு வேண்டும். ஆல்டோஸ்டீரோனின் வேலை உடம்பில் உப்பைப் பிடித்துவைப்பது. சிறுநீரகத்தின் நுண்குழாய்களின் கடைசிப் பகுதியில் இருக்கும் செல்களுக்குள் போய் ஓர் ஏற்பியோடு ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு அந்தச் செல் சிறுநீரிலிருந்து சோடியத்தை உள்ளே இழுத்து, பொட்டாசியத்தை வெளியே தள்ளும். சோடியத்தோடு நீரும் தங்கும், ரத்த அழுத்தம் ஏறும். இன்னொன்று கார்டிசால். சர்க்கரையை ஏற்றுவது, வீக்கத்தை அடக்குவது, நோய் நேரத்தில் உடம்பைத் தாங்கிப்பிடிப்பது என்று அதற்கு வேறு வேலைகள். உப்புக்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தார்கள்.

1987-இல் அந்த ஏற்பியின் மரபணுவைத் தனியே பிரித்தெடுத்து ஆராய்ந்தபோதுதான் சிக்கல் உறைத்தது. ஆல்டோஸ்டீரோன் எவ்வளவு நன்றாக அதில் பொருந்துகிறதோ, அவ்வளவு நன்றாகக் கார்டிசாலும் பொருந்துகிறது. ரத்தத்தில் கார்டிசால் ஆல்டோஸ்டீரோனைவிட நூறு முதல் ஆயிரம் மடங்கு அதிகம். அப்படியானால் நம் எல்லோருடைய சிறுநீரகமும் எந்நேரமும் கார்டிசாலின் பேச்சைக் கேட்டு உப்பைச் சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும், ஊருக்கே பி.பி. இருக்க வேண்டும். ஏன் இல்லை?

அந்தச் செல்லுக்குள்ளேயே ஒரு நொதி காவல் இருக்கிறது. ஏற்பியைப் பூட்டு என்று வைத்துக்கொண்டால், கார்டிசால் அதே பூட்டைத் திறக்கும் கள்ளச்சாவி. உள்ளே வரும் ஒவ்வொரு கள்ளச்சாவியையும் பிடித்து ஒரே ஒரு பல்லை அராவி விடுகிறது இந்த நொதி. கார்டிசாலின் 11-ஆவது கார்பனில் இருக்கும் ஹைட்ராக்சில் தொகுதியிலிருந்து ஹைட்ரஜனைக் கழற்றினால் அது கார்டிசோன் ஆகிவிடும். அதற்குப் பூட்டு அசைந்து கொடுக்காது. ஆல்டோஸ்டீரோனின் வடிவம் வேறு. அதில் அந்த இடம் மூலக்கூறுக்குள்ளேயே வளைந்து மூடிக்கொண்டிருப்பதால் நொதியின் அரம் படாது. இத்தனை பெரிய கூட்டத்தில் நல்ல சாவியை விட்டுவிட்டு மற்றதை மட்டும் அராவி அனுப்பும் இந்த ஏற்பாட்டை எத்தனை தடவை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

இதைக் கண்டுபிடிக்க வழிகாட்டியவை இரண்டு. ஒன்று, பிஞ்சு வயதிலேயே கடுமையான பி.பி.யும் குறைந்த பொட்டாசியமும் வந்த சில குழந்தைகள். ஆல்டோஸ்டீரோன் அவர்களிடம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. பிறவியிலேயே நொதி பழுது. உலகத்தில் நூறு பேருக்குக்கூட வராத நோய்க்கு எதற்கு ஆராய்ச்சிப் பணம் என்று கேட்பவர்கள் இந்தக் குழந்தைகளை நினைத்துப் பார்க்கலாம். எல்லோருடைய சிறுநீரகமும் எப்படி வேலை செய்கிறது என்பதை அவர்களிடமிருந்துதான் கற்றோம். இன்னொன்று நம் நாட்டு மருந்துக் கடையிலேயே இருக்கிறது: அதிமதுரம். 1940-களில் நெதர்லாந்தில் வயிற்றுப்புண்ணுக்கு அதிமதுரச் சாறு கொடுத்த ஒரு மருத்துவர், சிலருக்கு உடம்பு வீங்குவதைக் கவனித்தார். அதிமதுரத்தின் இனிப்புப் பொருள் அந்த நொதியை முடக்குகிறது என்பது பிற்பாடு தெரிந்தது. தொண்டைக் கரகரப்புக்கு ஒரு துண்டு வாயில் போட்டால் ஒன்றும் ஆகாது. வாரக்கணக்கில் தினமும் பொடியாகவோ கஷாயமாகவோ குடிப்பவருக்குப் பி.பி. ஏறலாம், பொட்டாசியம் இறங்கலாம். நாட்டு மருந்தெல்லாம் பக்கவிளைவு இல்லாதது என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது அதிமதுரத்தைப் பற்றித்தான்.

கார்டிசால் அளவுக்கு மீறிச் சுரக்கும் குஷிங் நோயில் நொதி நன்றாகத்தான் இருக்கிறது. வருகிற கூட்டம்தான் அதன் கைக்கு மீறியது. அட்ரீனலிலோ, மூளைக்கு அடியிலிருந்து அதற்கு உத்தரவு அனுப்பும் பிட்யூட்டரி சுரப்பியிலோ சின்னக் கட்டி ஒன்று வந்து கார்டிசாலைக் கொட்டும்போது அராவி முடிக்காத சாவிகள் பூட்டுக்குள் போய்விடுகின்றன. அளவு மிக அதிகமானால் பொட்டாசியமும் விழும். ஹார்வி குஷிங் என்ற அமெரிக்க நரம்பு அறுவை மருத்துவர் 1912-இல் இதை விவரித்தார். வட்டமாக உப்பிச் சிவந்த முகம், பருத்த வயிறு, மெலிந்த கை கால், தோளுக்குப் பின்னால் கொழுப்பு மேடு. ஆனால் வெறும் எடை கூடியவர்களிலிருந்து இவர்களைப் பிரித்துக் காட்டும் அடையாளங்கள் வேறு. வயிற்றிலும் தொடையிலும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் அகலமான ஊதா நிறக் கோடுகள்; பிரசவத் தழும்பு நாளடைவில் வெளிறிவிடும், இவை வெளிறாது. லேசாக இடித்தாலே தோலில் ரத்தம் கட்டும். தொடைத் தசை வலுவிழக்கும்.

வாசகரிடம் இவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டேன். அம்மா வீட்டில் உட்கார்ந்து புளி உடைக்கிறவர். முன்பெல்லாம் தட்டோடு சட்டென எழுந்துவிடுவாராம். இப்போது சுவரைப் பிடித்து, முழங்காலில் கை ஊன்றி, இரண்டு தவணையாக எழுகிறார். முழங்கையில் எங்கே இடித்தது என்றே தெரியாமல் கருநீலத் திட்டுகள். காலை வெறும் வயிற்றுச் சர்க்கரை 148. பொட்டாசியம் 4.2, சரியான அளவு.

இவ்வளவு பொருந்தியும் காலை எட்டு மணிக்கு எடுத்த கார்டிசால் 0.8 மைக்ரோகிராம் என்று வந்தது. அந்த நேரத்தில் குறைந்தது 5 ஆவது இருக்க வேண்டும். கார்டிசால் கூடவில்லை, அதனால் குஷிங் இல்லை என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். எனக்கு அந்த 0.8-தான் பெரிய துப்பாகப் பட்டது. உடம்பில் கார்டிசால் போல வேலை செய்யும் ஸ்டீராய்டு வழிவதை முகமும் தோலும் தசையும் சொல்கின்றன, சுரப்பியோ தூங்குகிறது. அப்படியானால் ஸ்டீராய்டு வெளியிலிருந்து வருகிறது.

"முட்டி வலிக்கு ஏதாவது சாப்பிடுகிறாரா?"

சாப்பிட்டார். ஒன்றரை வருஷமாக, காலையில் ஒரு பொட்டலம். பேர் போடாத வெள்ளைச் சின்ன மாத்திரை ஒன்று, ஒரு கேப்ஸ்யூல், கொஞ்சம் பொடி. "அது மருந்து கணக்கில் வராதுன்னு டாக்டர்கிட்ட சொல்லலை சார்."

டெக்ஸாமெத்தசோன் போன்ற செயற்கை ஸ்டீராய்டு கார்டிசால் பரிசோதனையில் தெரியாது. ஆனால் பிட்யூட்டரி அதைக் கார்டிசால் என்று நம்பி, அட்ரீனலுக்கு உத்தரவு அனுப்புவதை நிறுத்திவிடும். பொட்டாசியம் ஏன் விழவில்லை என்பதற்கும் பதில் இங்கேதான்: டெக்ஸாமெத்தசோன் அந்த உப்புப் பூட்டில் அவ்வளவாகப் பொருந்தாது. அது வேறு வழியில் பி.பி.யை ஏற்றுகிறது. ரத்தக்குழாய்கள் அட்ரீனலினுக்கு வழக்கத்தைவிட அதிகமாக இறுகும். அவற்றைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடு குறையும். கட்டியால் வரும் குஷிங் மிக அபூர்வம்; வெளியிலிருந்து போகும் ஸ்டீராய்டால் வருவதுதான் உலகம் முழுக்க அதிகம்.

எங்கள் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருவதற்கு முன் ஆழ்துளைத் தண்ணீரையே குடித்து வளர்ந்த தலைமுறையில் மூட்டு விறைப்பும் முதுகு வலியும் சாதாரணம். ஒரே நாளில் வலியை எடுத்துவிடும் பொட்டலத்துக்கு இங்கே கிராக்கி இருப்பதில் ஆச்சரியம் இல்லை. ஸ்டீராய்டு மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத மருந்து. பேர் தெரியாத பொட்டலங்களை அவ்வப்போது வாங்கி ஆய்வகத்தில் சோதித்து, முடிவை ஊர் அறிய வெளியிட ஆகும் செலவு, ஒரு விழிப்புணர்வுப் பேரணிக்கு ஆவதைவிட அதிகம் இருக்காது என்பது என் எண்ணம்.

விஷயம் தெரிந்ததும் மகன் பொட்டலத்தைத் தூக்கி எறியப் போனார். வேண்டாம் என்று அவசரமாகத் தடுத்தேன். ஒன்றரை வருஷம் தூங்கிய அட்ரீனல் மறுநாளே எழுந்துகொள்ளாது. ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தினால் வாந்தி, மயக்கம், பி.பி. அதலபாதாளத்துக்கு இறங்குதல் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். பொட்டலத்தையும் ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் போனார்கள். அவர் அளவு தெரிந்த ஹைட்ரோகார்டிசோன் மாத்திரைக்கு மாற்றி, சில வாரங்களுக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துவருகிறார். காய்ச்சல் வந்தால் அந்த நாட்களுக்கு மட்டும் அளவைக் கூட்ட வேண்டும், வாந்தி எடுத்து மாத்திரை நிற்கவில்லை என்றால் உடனே ஆஸ்பத்திரிக்கு வந்து ஊசி போட வேண்டும் என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்.

ஐந்து மாதம் கழித்து வந்த கடிதத்தில், அன்றைய மாத்திரை போடுவதற்கு முன் காலையில் எடுத்த கார்டிசால் 5.6 என்று இருந்தது. சுரப்பி கண் விழிக்கிறது, முழுதாக அல்ல. பி.பி. ஒரே மாத்திரையில் 134/86. எடை 7 கிலோ இறங்கியிருக்கிறது. முட்டி வலி திரும்ப வந்துவிட்டது; அதற்கு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். முகம் பழையபடி ஒடுங்கியதைப் பார்த்து, என்னம்மா இப்படி இளைச்சுட்ட என்று அதே சொந்தக்காரர்கள் கேட்கிறார்களாம்.