'வெறுத்துவிட்டது' என்பதை 'ஹேட்' என்று எழுதுவதற்கு முன்

"எனக்கு இந்தப் பிழைப்பே வெறுத்துவிட்டது, தங்கச்சி."

பாம்பன் பக்கத்துக் கடற்கரைக் கிராமம் ஒன்றில், கடல்பாசி எடுக்கும் அக்கா ஒருவர் என்னிடம் இப்படிச் சொன்னார். என் மடியில் இருந்த ஆய்வுக் கேள்வித்தாளில், செய்கிற தொழில் எவ்வளவு பிடிக்கும் என்ற கேள்விக்கு ஐந்து கட்டங்கள் இருந்தன. கடைசிக் கட்டத்தின் மேல் ஆங்கிலத்தில் 'ஹேட்' என்றும், அதன் கீழே தமிழில் 'வெறுக்கிறேன்' என்றும் அச்சிட்டிருந்தார்கள். சொல்லுக்குச் சொல் பொருந்திவிட்டது, டிக் செய்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருக்கலாம். ஆனால் அந்த அக்கா அதைச் சொன்னபடியே விரல்களில் துணிக் கிழிசலைச் சுற்றிக்கொண்டிருந்தார். பாறையில் பாசி பறிக்கும்போது விரல் கிழியாமல் இருக்கக் கட்டும் கட்டு அது. இன்னும் அரை மணி நேரத்தில் அவர் தண்ணீருக்குள் இருப்பார்.

அந்தக் கட்டத்தில் நான் டிக் செய்யவில்லை.

மொழிபெயர்ப்பும் நேர்முக உரையாடலில் இடைநின்று மொழி சொல்வதும்தான் என் தொழில். ஆய்வுக்கு வருகிறவர்கள், மருத்துவ முகாம் நடத்துகிறவர்கள், வெளிநாட்டுக்குக் கடிதம் எழுத வேண்டிய குடும்பங்கள் என்று இந்தக் கரையில் வேலைக்குக் குறைவில்லை. இத்தனை நாளில் என்னை அதிகம் பயமுறுத்தியவை கலைச்சொற்கள் அல்ல. வலையின் பெயரோ நோயின் பெயரோ தெரியாவிட்டால், தெரியாது என்பதாவது தெரியும், கேட்டுக்கொள்ளலாம். 'அன்பு', 'வெறுப்பு' போன்ற சொற்களில் அந்தத் தயக்கமே வருவதில்லை. எல்லோருக்கும் தெரிந்த சொல்தானே என்று எழுதிவிடுகிறோம். பொருள் சரியாக இருக்கும், எடை மாறிப்போயிருக்கும்.

அந்தக் கேள்வித்தாள் சோதிக்கப்படாமல் என் கைக்கு வரவில்லை. ஆங்கிலத்திலிருந்து ஒருவர் தமிழாக்கினார். மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அந்தத் தமிழைத் திரும்ப ஆங்கிலமாக்கினார். இரண்டு ஆங்கிலத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இதைத் திருப்பி மொழிபெயர்த்தல் என்போம். ஒரு சொல் விடுபட்டிருந்தாலோ எதிர்ப்பொருள் வந்திருந்தாலோ இந்த முறை கண்டுபிடித்துவிடும். சொல்லின் எடையை மட்டும் அது கண்டுபிடிக்காது. காரணம் எளியது. இரண்டு மொழிபெயர்ப்பாளர்களும் பள்ளியில் ஒரே அகராதிப் பாடத்தைப் படித்தவர்கள். 'ஹேட்' என்றால் வெறுப்பு, வெறுப்பு என்றால் 'ஹேட்' என்று இருவர் மனதிலும் பதிந்திருக்கிறது. போன வழியிலேயே திரும்பி வந்தால் புறப்பட்ட இடத்துக்குத்தானே வந்து சேர்வோம்? தாளும் 'சரி' என்ற குறிப்போடு கரைக்கு வந்துவிட்டது.

ஆங்கிலத்தில் ஒரு குழந்தை பாகற்காயை 'ஹேட்' செய்யலாம், ஒருவர் திங்கட்கிழமையை 'ஹேட்' செய்யலாம். அது அன்றாடச் சலிப்பு, யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். தமிழில் 'நான் வெறுக்கிறேன்' என்று வாய்விட்டுச் சொல்வதை வீட்டுப் பேச்சில் நீங்கள் எத்தனை முறை கேட்டிருப்பீர்கள்? நாம் 'பிடிக்காது' என்போம், 'அலுத்துவிட்டது' என்போம், 'அவனுக்கும் எனக்கும் ஆகாது' என்போம். இவற்றில் பலவற்றில் 'நான்' இல்லை, 'எனக்கு' இருக்கிறது. எனக்குப் பசிக்கிறது என்பது போல, எனக்கு வெறுத்துவிட்டது. அது என்மேல் வந்து இறங்கிய ஒன்று, நான் யார்மீதும் ஏவியது அல்ல. 'வெறுக்கிறேன்' என்றதும் அந்தப் பெண் எழுவாய் ஆகிறாள், செய்தவள் ஆகிறாள். அவள் சொன்னது ஒன்று, தாளில் ஏறுவது இன்னொன்று.

ஆய்வுக் குழுவிடம் ஒரு நாள் அவகாசம் கேட்டேன். பாசி எடுத்துவிட்டுக் கரையேறிய பெண்களில் 11 பேர் நிழலில் உட்கார்ந்தார்கள். சிலருக்கு எழுத்து வாசிக்க வராது. அதனால் மணலில் விரலால் ஐந்து கோடுகள் கிழித்தேன். முதல் கோடு லேசானது, ஐந்தாம் கோடு கனமானது. ஒவ்வொரு சொல்லாகச் சொல்லி, இது எந்தக் கோட்டில் நிற்கும் என்று கேட்டேன். பிடிக்கவில்லை, சலித்துவிட்டது, அலுத்துவிட்டது, வெறுத்துவிட்டது, வெறுக்கிறேன். பேச்சு சூடு பிடித்து, ஒருவரை ஒருவர் திருத்தத் தொடங்கிவிட்டார்கள். 'வெறுத்துவிட்டது' பெரும்பாலும் மூன்றாம் கோட்டில் நின்றது. 'வெறுக்கிறேன்' என்ற சொல்லுக்குக் கோடே போதவில்லை. "கடலை யாராவது வெறுப்பார்களா? சோறு போடுகிற தாய் அது. அப்படிச் சொல்வது பாவம்" என்றார் வயதில் மூத்தவர்.

ஆனால் கோடுகளை மட்டும் நம்பக் கூடாது. கோட்டில் வைக்கச் சொன்னால் எதையாவது ஓரிடத்தில் வைத்துவிடுவார்கள். அதனால் ஒவ்வொரு சொல்லுக்கும் மூன்று கேள்விகள் கேட்பேன். இதை யாரிடம் சொல்வீர்கள்? கடைசியாக எப்போது சொன்னீர்கள்? சொன்ன பிறகு என்ன நடந்தது? 'வெறுத்துவிட்டது' என்பதை வாரத்துக்கு இரண்டு முறையாவது சொல்வதாகவும், கேட்கிறவர் "எனக்கு மட்டும் என்ன?" என்று சொல்லிவிட்டுப் போவதாகவும் சொன்னார்கள். 'வெறுக்கிறேன்' என்பதை எப்போது சொன்னோம் என்று அவர்களில் யாராலும் சொல்ல முடியவில்லை. ஒரு சொல் எவ்வளவு கனம் என்பதை அதைச் சொன்ன பிறகு அங்கே நிலவும் அமைதியை வைத்துத்தான் நான் அளக்கிறேன்.

மறுமுனையில் இருந்த 'லவ்' இன்னும் சிக்கல். தாளில் 'என் தொழிலை நேசிக்கிறேன்' என்று இருந்தது. கோயிலில் கேட்கிற சொல் என்றார் ஒரு பெண். அவர் சொன்ன கோயில் மாதா கோயில், ஆண்டவர் நம்மை நேசிக்கிறார் என்று அங்கேதான் அந்தச் சொல் அவர் காதில் விழுந்திருக்கிறது. மற்றவர்களுக்கு அது மைக்கில் பேசுகிறவர்களின் சொல். பாசி பறிப்பதை நேசிப்பது என்பது அவர்கள் வாயில் ஏறவே இல்லை.

மாதா கோயில் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. எபிரேய வேதாகமத்தில் ஆதியாகமம் 29ஆம் அதிகாரத்தில், யாக்கோபு லேயாளைவிட ராகேலை அதிகமாக நேசித்தான் என்று 30ஆம் வசனம் சொல்கிறது. அடுத்த வசனத்தில் லேயாளைக் குறிக்கும் எபிரேயச் சொல், அகராதிப்படி 'வெறுக்கப்பட்டவள்' என்று பொருள்படுவது. முந்தைய வசனம் பக்கத்திலேயே இருப்பதால், அந்த இடத்தில் அந்தச் சொல்லின் எடை 'குறைவாக நேசிக்கப்பட்டவள்' என்பதுதான் என்று தெரிகிறது. பக்கத்து வரி கிடைக்காத இடத்தில் மனிதர்களைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

எடை எப்போதும் ஒரே பக்கம் சாயும் என்று நினைத்துவிடாதீர்கள். இது எனக்குப் பதைப்பைத் தருகிற இடம். ஒரு மருத்துவ முகாமில், வெளிமாநில மருத்துவர் ஒருவருக்கு நான் மொழி சொல்லிக்கொண்டிருந்தேன். கணவரின் படகு பிடிபட்டுப் பல மாதங்களாகக் கடனில் இருந்த ஒரு பெண், "நான் உயிரை வெறுத்துவிட்டேன், டாக்டர்" என்றார். ஆங்கிலத்தில் 'என் வாழ்க்கையை ஹேட் செய்கிறேன்' என்பது தேர்வில் மதிப்பெண் குறைந்த மாணவன் கூடச் சொல்கிற வாக்கியம். அப்படியே சொல்லியிருந்தால் மருத்துவர் தலையசைத்துவிட்டு மாத்திரை எழுதியிருப்பார். இங்கே அந்தப் பெண்ணே எழுவாயாக நிற்கிறார், வெறுக்கப்படுவது பிழைப்பு அல்ல, உயிர். வினைச்சொல் அதேதான். ஒன்று ஆங்கிலத்தைவிட லேசு, மற்றது ஆங்கிலத்தைவிடக் கனம்.

இப்படிப்பட்ட இடத்தில் எடையைக் கூட்டவோ குறைக்கவோ எனக்கு உரிமை இல்லை. அவர் சொன்ன சொல்லை அப்படியே சொன்னேன். எங்கள் மொழியில் இது சாதாரணப் புலம்பல் அல்ல, சாவைப் பற்றிய எண்ணமாகவும் இருக்கலாம், நீங்களே நேராகக் கேளுங்கள் என்று மருத்துவரிடம் சொல்லிவிட்டு, நான் என்ன சொன்னேன் என்பதை அந்தப் பெண்ணிடமும் சொன்னேன். மருத்துவர் கேட்டார். சாக வேண்டும் என்று தோன்றியதா, எப்போதிலிருந்து, தூங்குகிறீர்களா, வீட்டில் யார் கூட இருக்கிறார்கள்? நேராகக் கேட்டால் இல்லாத எண்ணம் புதிதாக முளைத்துவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள், அப்படி முளைப்பதில்லை. அவர் அழுதுகொண்டே பதில் சொன்னார். அன்றே அவருடைய தங்கையை வரவழைத்து, மாவட்ட மனநல மருத்துவரிடம் அனுப்பிவைத்தார்கள்.

பொதுவான சொற்கள் உள்ள மொழிகளில் இந்த ஆபத்து குறையும் என்று எண்ணுகிறவர்கள் சிங்களத்தைப் பார்க்க வேண்டும். இலங்கைச் சிறையிலிருந்து விடுதலையாகி வந்த மீனவ இளைஞர் ஒருவர், அங்கே ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் தனக்கு உதவிய பெண்ணுக்கு நன்றிக் கடிதம் எழுத விரும்பினார். 'உங்கள் ஆதரவுக்கு நன்றி' என்பதுதான் வாசகம். அரைகுறைச் சிங்களம் தெரிந்த நண்பர் 'ஆதரய' என்று எழுதிக்கொடுத்திருந்தார். ஓசை ஒன்றுதானே! 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து கப்பலேறி மண்டபம் வந்த குடும்பத்துப் பெரியவர் ஒருவரிடம் கடிதத்தைக் காட்டினேன். அவர் விரலை அந்தச் சொல்லிலேயே வைத்துக்கொண்டார். "இது காதலிக்கும் சொல்வார்கள், பிள்ளைக்கும் சொல்வார்கள். கல்யாணமான பெண்ணுக்கு இந்தப் பையன் எழுதலாமா, அம்மா?" என்றார். ஒரே வடசொல் வேரிலிருந்து தமிழில் துணைநிற்பதும், இந்தியில் மரியாதையும், சிங்களத்தில் அன்பும் காதலும் கிளைத்திருக்கின்றன. சொல்லை 'உபகாரய' என்று மாற்றினோம். நம் உபகாரம்தான் அது, பொருளும் அங்கே மாறவில்லை.

கேள்வித்தாளுக்கு வருகிறேன். இரண்டு முனைகளிலும் இருந்த உணர்ச்சிச் சொற்களை எடுத்துவிடுங்கள் என்று குழுவிடம் சொன்னேன். 'நேசிக்கிறேன்' இருந்த இடத்தில் 'வேறு வேலை கிடைத்தாலும் இதை விடமாட்டேன்' என்றும், 'வெறுக்கிறேன்' இருந்த இடத்தில் 'வேறு வேலை கிடைத்தால் இன்றைக்கே விட்டுவிடுவேன்' என்றும் வந்தது. நடுவில் பிடிக்கும், பிடிக்காது என்பவை அப்படியே நின்றன. இதற்கும் ஒரு விலை உண்டு. விடுவது, விடாதது என்பதில் மனம் மட்டும் இல்லை, கடனும் கூலியும் கலந்துவிடுகின்றன. ஆகவே மற்ற நாடுகளில் 'லவ்', 'ஹேட்' என்று கேட்டு வாங்கிய எண்களோடு இந்தக் கரையின் எண்களை நேருக்கு நேர் வைத்து ஒப்பிடக் கூடாது என்று அறிக்கையிலேயே எழுதச் சொன்னேன், எழுதினார்கள்.

மறுநாள் அந்த அக்காவிடமே புதிய தாளை வாசித்துக் காட்டினேன். ஐந்தையும் பொறுமையாகக் கேட்டார். கடைசிக்கு முந்தையதைச் சொல்லிவிட்டு, "என் மகளை இந்த வேலைக்கு விடமாட்டேன் என்று எழுத அதில் இடம் இருக்கிறதா, தங்கச்சி?" என்றார். கட்டம் இல்லை. தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.