ஒரே சராசரி, இரண்டு கதைகள்: கட்டுப்பாட்டுச் சுயமதிப்பீடு எப்படி வேலை செய்கிறது?

"தவறும் மோசடியும் நடக்காமல் தடுக்க ஒரு துறை வைத்திருக்கும் கட்டுப்பாடுகளை அந்தத் துறைக்காரர்களே மதிப்பிடுவதா? தன் பரீட்சைத் தாளைத் தானே திருத்துவது போல இருக்கிறதே!" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நியாயமான சந்தேகம். 1987 வாக்கில் கல்ஃப் கனடா என்ற எண்ணெய் நிறுவனத்தின் உள் தணிக்கையாளர்கள் தொடங்கி வைத்த இந்த முறை இன்னும் நிலைத்திருப்பதற்குக் காரணம், அங்கே போடப்படும் மதிப்பெண்களை யாரும் அப்படியே நம்புவதில்லை என்பதுதான்.

அமைப்பு எளிது. ஒரு செயல்முறையின் பொறுப்பாளரும் அதில் அன்றாடம் வேலை செய்பவர்களுமாகப் பத்துப் பேர் ஓர் அறையில் கூடுகிறார்கள். ஒருங்கிணைப்பாளர் ஒருவர் பேச்சை நடத்துகிறார். இன்னொருவர் குறிப்பெடுக்கிறார், அது எல்லோருக்கும் தெரிகிற திரையிலேயே ஏறுகிறது. கட்டுப்பாடுகளை ஒவ்வொன்றாக எடுத்து, நடைமுறையில் அது எவ்வளவு ஒழுங்காக நடக்கிறது என்று 1 முதல் 5 வரை ரகசியமாக வாக்களிக்கிறார்கள்.

இந்த ரகசியத்தில்தான் விஷயமே இருக்கிறது. 1950களில் உளவியலாளர் சாலமன் ஆஷ், கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொல்லி ஒரு சோதனை நடத்தினார். முன்னரே சொல்லிவைத்த ஆட்கள் ஒரே குரலில் தவறான விடை சொன்னபோது, உண்மையான பங்கேற்பாளர்களின் விடைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அந்தத் தவறையே பின்பற்றியது. விடையைத் தனியாக எழுதலாம் என்றதும் இந்தப் போக்கு வெகுவாகக் குறைந்தது. கோட்டின் நீளத்துக்கே இப்படி என்றால், மேலதிகாரி அருகில் உட்கார்ந்திருக்கும்போது கையைத் தூக்கச் சொல்வதில் என்ன பயன்?

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். சப்ளையர்களுக்குப் பணம் அனுப்பும் பிரிவு. திரையில் இருக்கும் வாக்கியம் இது: "வங்கிக் கணக்கை மாற்றச் சொல்லிக் கடிதம் வந்தால், நம் பதிவில் ஏற்கெனவே உள்ள எண்ணில் சப்ளையரை அழைத்து உறுதி செய்த பிறகே மாற்றுகிறோம்." ஐந்து பேர் 5 போடுகிறார்கள், ஒருவர் 4, இருவர் 2, இருவர் 1. சராசரி 3.5. அடுத்த வாக்கியம்: "மாற்றுபவர் ஒருவர், ஒப்புதல் தருபவர் வேறொருவர்." ஐந்து பேர் 3, ஐந்து பேர் 4. இதற்கும் சராசரி 3.5தான். இரண்டாவதில் எல்லோரும் ஏறக்குறைய ஒரே நிலைமையைப் பார்க்கிறார்கள். முதலாவதில் ஒரே அறையில் இரண்டு உலகங்கள் இருக்கின்றன. சராசரி மட்டும் அறிக்கைக்குப் போனால் இந்த வித்தியாசம் காணாமல் போய்விடும். அதனால்தான், செலவை மிச்சம் பிடிக்க இப்படி நேரில் கூடும் பட்டறையை விட்டுவிட்டு வினாத்தாளை மின்னஞ்சலில் அனுப்புவதை நான் ஏற்பதில்லை. வாக்குகள் பிளவுபட்டது அதிலும் தெரியும். ஏன் பிளவுபட்டன என்று கேட்கத்தான் அங்கே ஆள் இருக்காது.

இந்த இடத்தில் நல்ல ஒருங்கிணைப்பாளர் "1 போட்டது யார்?" என்று கேட்கவே மாட்டார். "எந்தச் சூழ்நிலையில் ஒருவர் இதற்கு 1 போடுவார்?" என்று கேட்பார். இதற்கு 5 போட்டவரும் பதில் சொல்லலாம் என்பதால், யார் வாய் திறந்தாலும் காட்டிக்கொடுத்ததாக ஆகாது. மெல்ல விஷயம் வெளியே வருகிறது. மாதக் கடைசியில் பணத்தை உடனே விடுவித்தாக வேண்டும். பதிவில் உள்ள எண்ணுக்கு அழைத்தால் மறுமுனையில் யாரும் போனை எடுப்பதில்லை. சரி என்று, வந்த கடிதத்தில் இருக்கும் எண்ணுக்கே போன் போகிறது. கடிதம் மோசடிக்காரருடையது என்றால் எண்ணும் அவருடையதுதான். "ஆமாம், மாற்றுங்கள்" என்று அவரே சொல்லிவிடுவார். படிவத்தில் "அழைத்து உறுதி செய்யப்பட்டது" என்ற கட்டத்தில் டிக் விழுகிறது. அழைத்தது உண்மை என்பதால், டிக்கை மட்டும் பார்க்கும் தணிக்கையில் இந்த ஓட்டை தெரியவே தெரியாது.

இதைச் சரிசெய்யும் பொறுப்பையும் தேதியையும் செயல்முறைப் பொறுப்பாளர் ஏற்கிறார். உள் தணிக்கை இதைச் சான்றாக அல்ல, துப்பாக எடுத்துக்கொள்கிறது. கணக்கு மாற்றங்களின் பதிவைக் கணினியிலிருந்து நேரடியாக எடுத்து, மாதக் கடைசி நாட்களிலிருந்து 25 மாற்றங்களைத் தேர்ந்தெடுத்து, அழைத்த எண்ணும் மாற்றத்துக்கு முன்பு பதிவில் இருந்த எண்ணும் ஒன்றா என்று பார்க்கிறார்கள். 6 பொருந்தவில்லை என்றால் ஓட்டை உண்மைதான். ஆனால் கோளாறு இருக்கும் இடத்தைத் தேடிப்போய் எடுத்த மாதிரி இது என்பதால், ஆண்டு முழுவதும் கால்வாசி மாற்றங்கள் இப்படித்தான் என்று கணக்குப் போடக் கூடாது.

எல்லோரும் 5 போட்ட கட்டுப்பாடுகளிலும் சிலவற்றைச் சோதித்தே ஆக வேண்டும். அறையில் இருக்கும் எல்லோருக்குமே தெரியாத குறையும், எல்லோரும் சேர்ந்து மறைக்கும் குறையும் வாக்கில் ஒரே மாதிரிதான் தெரியும். மதிப்பெண்ணுக்கும் சோதனை முடிவுக்கும் உள்ள இடைவெளியைத் தணிக்கையாளர்கள் குறித்து வைக்கிறார்கள். இடைவெளி சிறிதாக இருந்த பிரிவில் அடுத்த ஆண்டு சோதனையைக் குறைக்கலாம். பெரிதாக இருந்த பிரிவு தரும் 5ஐ வைத்து எதையும் குறைக்க முடியாது.