வலிப்பு நோட்டை ஒரு பக்கத்துக்குள் சுருக்குவது எப்படி?

ஏற்காட்டில் இருக்கும் என் அண்ணன் மகளுக்கு எட்டு வயது. அவளுக்கு வலிப்பு வந்த நாட்களை அண்ணனும் அண்ணியும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வருகிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இருபது கொண்டை ஊசி வளைவுகளை இறங்கி சேலத்துக்கு வந்து நியூரோ டாக்டரைப் பார்ப்பார்கள். அவருக்குக் கிடைப்பது பத்துப் பதினைந்து நிமிடம். அதற்குள் அந்த நோட்டை அவரால் படித்து முடிக்க முடியாது. அதனால் இந்த முறை போவதற்கு முன் நானும் அண்ணியும் உட்கார்ந்து அதை ஒரு பக்கமாகச் சுருக்கினோம்.

நோட்டில் இருந்தது ஜூன் 9 முதல் ஆகஸ்ட் 31 வரை, 84 நாள். முதலில் எத்தனை வலிப்பு என்று எண்ணினோம், 15 வந்தது. ஆனால் அந்த 15 என்ற எண்ணால் டாக்டருக்குப் பயன் இல்லை. ஏனென்றால் பாப்பாவுக்கு வருவது இரண்டு வகை. ஒன்றை அண்ணன் 'வெட்டு' என்று எழுதியிருந்தார்: உடம்பு முழுக்க விறைத்து, பிறகு கை கால் வெட்டி வெட்டி இழுக்கும். இன்னொன்றை அண்ணி 'முழிப்பு' என்று எழுதியிருந்தார்: செய்துகொண்டிருந்த வேலை அப்படியே நின்றுபோய், ஒரே இடத்தை வெறித்துக்கொண்டு உதட்டைச் சப்புவாள், கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். இந்த இரண்டையும் ஒரே கணக்கில் கூட்டவே கூடாது. மருந்தால் ஒரு வகை வலிப்பு குறைந்து, மற்ற வகை அப்படியே இருந்துவிடலாம். கூட்டிப் பார்த்தால் அது மறைந்துபோகும். பிரித்தபோது வெட்டு 5, முழிப்பு 10. காலையில் படுக்கை நனைந்து, நாக்கில் கடித்த காயத்தோடு எழுந்த நாள் ஒன்று இருந்தது. இரவில் வெட்டு வந்திருக்கலாம், ஆனால் யாரும் பார்க்கவில்லை. அதை எதிலும் சேர்க்காமல் 'சந்தேகம்: 1' என்று தனி வரியாக எழுதினோம்.

அடுத்தது, எத்தனை நாளில் இத்தனை என்பது. 84 நாள் என்று நினைத்தேன். புரட்டிப் பார்த்தால் ஆகஸ்டில் 14 நாள் வெறுமையாக இருந்தது. அண்ணி காய்ச்சலில் படுத்திருந்த சமயம். "அப்போ ஒன்றும் வரவில்லை என்றுதான் நினைக்கிறேன்" என்றார் அண்ணன். அவர் பகலெல்லாம் எஸ்டேட்டில் இருப்பவர். பத்து விநாடி முழிப்பு வந்து போயிருந்தால் அவருக்கு எப்படித் தெரியும்? வலிப்பு இல்லை என்று எழுதிய நாள் வேறு, எதுவுமே எழுதாத நாள் வேறு. இரண்டாவதைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட வேண்டும். ஆக, கவனித்த நாள் 70.

ஜூலை 21-ஆம் தேதி மருந்தைக் கூட்டியிருந்தார்கள். லெவெடிராசெட்டம் சிரப், வேளைக்கு 3 மில்லியாக இருந்ததை 4 மில்லி ஆக்கினார்கள். (பாட்டிலைப் பார்த்து 300 மி.கி., 400 மி.கி. என்றும் எழுதினோம். எடை 22 கிலோ என்பதையும் பக்கத்தில் குறித்தோம், குழந்தைகளுக்கு அளவைக் கிலோ கணக்கில்தான் பார்ப்பார்கள்.) கூட்டுவதற்கு முன் கவனித்த நாள் 42, பின் 28. இரண்டும் ஒரே நீளம் இல்லை என்பதால் இரண்டையும் நான்கு வாரக் கணக்குக்கு மாற்றினோம். எண்ணிக்கையைக் கவனித்த நாளால் வகுத்து 28-ஆல் பெருக்கினால் போதும்.

வெட்டு: முன்பு 42 நாளில் 4, அதாவது நான்கு வாரத்துக்கு 2.7. பின்பு 28 நாளில் 1. முழிப்பு: முன்பு 42 நாளில் 6, நான்கு வாரத்துக்கு 4. பின்பு 28 நாளில் 4, அதே 4.

வெட்டு குறைந்த மாதிரி தெரிகிறது, முழிப்பு அசையவே இல்லை. அந்த வெறும் 14 நாளையும் 'வரவில்லை' என்று சேர்த்திருந்தால் முழிப்பு 4-லிருந்து 2.7-க்கு இறங்கியதாகக் காட்டியிருக்கும், டாக்டரும் மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று நம்பியிருப்பார். வெட்டின் குறைவையும் முழுதாக நம்ப முடியாது. 4, 1 என்பவை சின்ன எண்கள். தற்செயலாகவே அப்படி அமையலாம். அதனால் சதவீதம் போடாமல் எண்ணிக்கையையும் நாட்களையும் அப்படியே எழுதினோம்.

நேரக் கணக்குதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. ஜூலையில் வந்த ஒரு வெட்டுக்கு '10 நிமிடம்' என்று இருந்தது. ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் அது அவசர நிலை. வலிப்பை நிறுத்த மூக்கில் அடிக்கும் மிடசோலம் ஸ்ப்ரே வீட்டில் இருந்தும் அடிக்கவில்லையா என்று பதறிக் கேட்டேன். நல்லவேளை, அண்ணன் செல்போனில் வீடியோ எடுத்திருந்தார். ஓட்டிப் பார்த்தோம். இழுப்பு நின்றபோது ஒரு நிமிடம் நாற்பது விநாடி. அதற்குப் பிறகு ஓடியதெல்லாம் குறட்டையும் அசதித் தூக்கமும். பயத்தில் ஒரு நிமிடம் ஒரு யுகமாக நீளும், பிள்ளை கண் திறக்கும் வரை எல்லாமே வலிப்பு என்றுதான் பெற்றவர்களுக்குத் தோன்றும். எனவே இரண்டு நேரமாகப் பிரித்தோம்: இழுப்பு நின்ற நேரம், தெளிந்து பேசிய நேரம். ஐந்து வெட்டில் மூன்றுக்கு வீடியோ இருந்தது. அவை ஒரு நிமிடம் இருபது விநாடியிலிருந்து ஒரு நிமிடம் ஐம்பது விநாடிக்குள் அடங்கின. மீதி இரண்டுக்கு 'உத்தேசம்' என்று போட்டோம். சராசரி எடுக்கவில்லை, அளந்ததையும் ஊகித்ததையும் கலந்தால் வருவது உண்மையான நேரம் ஆகாது.

அப்புறம், எதனால் வருகிறது என்ற கேள்வி. அண்ணிக்கு ஒரே சந்தேகம், தலைக்குக் குளிப்பது. மலைக் குளிருக்கு வெந்நீர்தான் ஊற்றுவார்கள். சந்தேகத்தில் நியாயம் உண்டு. தலையில் வெந்நீர் ஊற்றும்போது வரும் வலிப்பு ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. தென்னிந்தியாவில், குறிப்பாகக் கர்நாடகத்தில், அதை நிறையப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆனால் வலிப்பு வந்த நாட்களை மட்டும் பார்த்து "நாலு நாள் தலைக்கு ஊற்றியிருந்தோம்" என்று சொன்னால் கணக்கில் பாதிதான் வந்திருக்கிறது. தலைக்கு ஊற்றியும் வராத நாட்கள் எத்தனை?

அண்ணி தலைக்குளியலையும் தூங்கப்போன நேரத்தையும் தினமும் எழுதியிருந்ததால் எண்ண முடிந்தது. தலைக்குக் குளித்தது 20 நாள், அதில் வலிப்பு 4 நாள். குளிக்காதது 50 நாள், அதில் வலிப்பு 9 நாள். இரண்டிலும் ஏறக்குறைய ஐந்து நாளுக்கு ஒன்று. தவிர, வெந்நீர் வலிப்பு என்றால் ஊற்றும்போதோ ஊற்றிய சில நிமிடங்களிலோ வரும். இந்த நான்கும் சாயங்காலம் வந்தவை.

பத்தரை மணிக்கு மேல் தூங்கப்போன நாட்களைப் பார்த்தோம். அப்படி 9 நாள். மறுநாள் வலிப்பு வந்தது 5 நாள். மற்ற 61 நாளில் 8 நாள்தான். இந்த வித்தியாசம் எழுதத் தக்கது. ஆனால் இதிலும் ஒரு சிக்கல் இருந்தது. இரவு மருந்து தவறியது மொத்தம் மூன்று முறை. அதில் இரண்டு, நேரங்கழித்துத் தூங்கிய இரவுகளே. ஆடிப் பண்டிகைக்குச் சேலம் வந்து குகைப் பகுதியில் வண்டி வேடிக்கை ஊர்வலம் பார்த்த இரவு அதில் ஒன்று, ஒரு கல்யாண வரவேற்பு இன்னொன்று. தூக்கம் கெட்டதாலா, மருந்து விட்டதாலா என்று நோட்டை வைத்துப் பிரிக்கவே முடியாது. 'தூக்கம் குறைவு 9 நாள், வலிப்பு 5; அதில் 2 நாள் மருந்தும் தவறியது' என்று சேர்த்தே எழுதினோம். 'காரணம்' என்ற சொல்லைப் போடவில்லை.

எல்லாம் சேர்ந்து ஒரு பக்கத்தில் முக்கால்வாசிதான் வந்தது. மேலே மருந்தும் எடையும், அடுத்து இரண்டு வகைக்கும் முன்–பின் எண்ணிக்கை, பிறகு நேரம், தூக்கம், கடைசியில் அந்தச் சந்தேக இரவு. நோட்டையும் கையோடு கொண்டுபோனோம்.

டாக்டர் நின்றது முழிப்பு வரியில்தான். "இதுக்கு வீடியோ இருக்கா?" என்று கேட்டார். ஒன்றே ஒன்று இருந்தது. அதை இரண்டு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, உதட்டைச் சப்பும்போது வலது கை மட்டும் பாவாடையைப் பிசைவதைத் தொட்டுக் காட்டினார். தூங்கும்போது மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் ஈஈஜி ஒன்று எடுக்க வேண்டும் என்றார். அண்ணி இப்போது நோட்டில் 'எந்தக் கை' என்று புதிதாக ஒரு கட்டம் போட்டிருக்கிறார்.