காலர் அழுக்கு: கையின் பலமா, பத்து நிமிடமா?

ஒரு நாள் முழுக்கப் போட்டுக் கழற்றிய வெள்ளைப் பள்ளிச் சட்டையின் காலரை விரித்துப் பிடித்து, கழுத்தைத் தொடும் பக்கத்தில் நாலு துளி தண்ணீர் விட்டுப் பாருங்கள். காலரின் ஓரத்தில் விழுந்த துளி உடனே உறிஞ்சப்பட்டுத் துணி நனைந்துவிடும். நடுவில், மடிப்பை ஒட்டி ஓடும் பழுப்புக் கோட்டின் மேல் விழுந்த துளி மட்டும் சற்று நேரம் உருண்டையாக நின்று, பிறகு தயங்கித் தயங்கி உள்ளே இறங்கும். தண்ணீரே உள்ளே போகத் தயங்கும் இடத்தில் தண்ணீரில் கரைந்த சலவைத் தூள் எப்படிப் போகும்? காலர் மட்டும் வாஷிங் மெஷினுக்கு அடங்காமல் நிற்பதன் காரணம் அந்தத் துளியிலேயே தெரிகிறது.

அந்தக் கோடு பெரும்பாலும் தெருப்புழுதி அல்ல. கழுத்துத் தோலின் சுரப்பிகள் விடும் எண்ணெய்தான் அதன் அடிப்படை. கொழுப்பு, கொழுப்பு அமிலம், மெழுகு, ஸ்குவாலீன் என்ற எண்ணெய்ப் பொருள் எல்லாம் கலந்த பிசுக்கு அது. உதிர்ந்த தோல் செதில்களும் வியர்வையும் தூசியும் அதில் ஒட்டிக்கொள்கின்றன. நாம் கண்ணால் பார்ப்பது தூசியை. அதைப் பிடித்து வைத்திருப்பது எண்ணெய். உடல் சூட்டில் இளகியிருக்கும் இந்த எண்ணெய், கழுத்து அசையும்போதெல்லாம் நூலுக்குள் தேய்த்து ஏற்றப்படுகிறது. சட்டையைக் கழற்றிக் குளிர்ந்த நீரில் போட்டதும் அதில் ஒரு பகுதி இறுகிவிடுகிறது. பள்ளிச் சட்டைகள் பெரும்பாலும் பாலியஸ்டரும் பருத்தியும் கலந்தவை. பாலியஸ்டருக்கு எண்ணெய் மேல் பிரியம் அதிகம், தண்ணீர் மேல் குறைவு. அதனால் பிடி இன்னும் இறுகுகிறது.

துவைப்பதன் வேதியியலை ஆராய்ந்த ஜெர்மானியர் ஹெர்பர்ட் சின்னர், 1959-ல் ஒரு வட்டம் வரைந்து காட்டினார். நேரம், வெப்பம், சலவை மருந்து, தேய்ப்பது போன்ற இயக்க விசை ஆகிய நான்கும் சேர்ந்துதான் அழுக்கு போகிறது; ஒன்று குறைந்தால் மற்றவை அந்தக் குறையை ஈடுகட்ட வேண்டும் என்பது அதன் சாரம். நம் வீட்டு மெஷின் குழாய்த் தண்ணீரில்தான் துவைக்கிறது, ஆகவே வெப்பம் குறைவு. மருந்தும் குறைவுதான். மேலிருந்து துணி போடும் மெஷினில் 50 லிட்டர் தண்ணீருக்கு 75 கிராம் தூள் போட்டால் லிட்டருக்கு ஒன்றரை கிராம் ஆகிறது. நனைத்துப் பிழிந்த காலரில் ஏறக்குறைய 20 மில்லி தண்ணீர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் மேல் டிடர்ஜென்ட் கட்டியை நாலைந்து முறை இழுத்தால் ஒரு கிராம் ஒட்டும். இது லிட்டருக்கு 50 கிராம் என்ற கணக்கு. மெஷினுக்குள் இருப்பதைப்போல முப்பது மடங்குக்கும் மேல். கட்டியில் சுண்ணாம்புக்கல் பொடி போன்ற நிரப்புப் பொருள்கள் நிறையவே உண்டு. அதைக் கழித்துப் பார்த்தாலும் வித்தியாசம் மிகப் பெரியது. கட்டி போடுவதன் பயன் இந்தச் செறிவுதான். இதனால்தான் சொட்டச் சொட்ட நனைந்த காலரில் கட்டி போடக் கூடாது. நனைத்து, பிழிந்து, அதன் பிறகே போட வேண்டும்.

இந்தச் செறிவு வேலை செய்ய நேரம் வேண்டும். நம்மில் பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். கட்டியை இழுத்த கையோடு பிரஷை எடுத்துவிடுகிறோம். கட்டியில் இருக்கும் சலவைச் சோடா, பிசுக்கிலுள்ள கொழுப்பு அமிலத்தோடு சேர்ந்து அதையே சோப்பாக மாற்றுகிறது. அழுக்கின் ஒரு பகுதியே அழுக்கெடுக்கும் பொருளாகிவிடுகிறது என்று சொல்லலாம். இன்னொரு பக்கம், டிடர்ஜென்ட் மூலக்கூறுகள் எண்ணெய்க்கும் நூலுக்கும் நடுவே நுழைகின்றன. படலமாகப் பரவிக் கிடந்த எண்ணெய் ஓரங்களிலிருந்து சுருங்கி, உருண்டு, துளியாகி நூலை விட்டு எழும்புகிறது. இரண்டுமே மெல்ல ஊடுருவிச் செல்லும் வேலைகள். பிசுக்கின் மேற்பரப்பில் உடனே தொடங்கிவிடும். அடிவரை போய்ச் சேர நிமிடங்கள் ஆகும். கையால் அழுத்தி அவற்றை அவசரப்படுத்த முடியாது.

இதைக் கண்ணால் பார்க்க விரும்பி, என் வெள்ளைச் சட்டை ஒன்றின் காலரை நடுவில் நூல் தைத்து இரண்டாகப் பிரித்துக்கொண்டேன். வலப் பாதியில் கட்டி போட்டவுடன் பலம்கொண்ட மட்டும் இரண்டு நிமிடம் தேய்த்து, அலசிவிட்டேன். இடப் பாதியில் கட்டி போட்டுப் பன்னிரண்டு நிமிடம் விட்டு, பிறகு மெதுவாக அரை நிமிடம் மட்டும் தேய்த்தேன். சட்டை மெஷினில் ஓடிக் காய்ந்த பின் ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன். வலப் பாதியில் மடிப்பின் அடியில், தையலை ஒட்டி மெல்லிய கோடு ஒன்று மீந்திருந்தது. இடப் பாதியில் அது இல்லை. விரலால் தடவியபோது வலப் பாதி லேசாகச் சொரசொரத்தது. ஒரே ஒரு காலரை வைத்துச் செய்த சோதனைதான். ஆனால் துணிக்குள் நடப்பதைப் பற்றி மேலே சொன்னதோடு அது ஒத்துப்போகிறது.

பத்து முதல் பதினைந்து நிமிடம் போதும். அதற்கு மேல் விட்டால் கூடுதல் பலன் அதிகமில்லை. காய்ந்துபோகும் ஆபத்துதான் கூடும். ஈரம் வற்றினால் ஊடுருவல் நின்றுவிடும். சோடாவும் நிரப்புப் பொருளும் துணி மேல் பொருக்காக உறைந்து, நிறச் சட்டையில் வெளிறிய திட்டை விடலாம். சட்டையைச் சுருட்டி வாளிக்குள் வையுங்கள். காலர் உள்பக்கமாக இருக்கட்டும். மின்விசிறிக் காற்றும் வெயிலும் வேண்டாம். அடர்நிறப் பருத்திச் சட்டையானால் ஐந்து நிமிடத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

அடுத்தது அழுத்தம். துணி துவைக்கும் பிரஷின் நைலான் முள் ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 300 மைக்ரான். பருத்தி இழை ஒன்றின் அகலம் 20 மைக்ரானுக்குள் அடங்கும். இழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி இன்னும் சிறியது. அழுக்கு ஒளிந்திருக்கும் அந்த இடத்துக்குள் எந்த முள்ளும் நுழையாது. நீர்மம் மட்டுமே நுழையும். அப்படியானால் பிரஷ் என்ன செய்கிறது? முள் நூலை அழுத்தும்போது உள்ளே இருக்கும் சோப்பு நீர் கலங்கிய அழுக்கோடு வெளியே பிதுங்குகிறது. முள் விலகியதும் புது சோப்பு நீர் உள்ளே இழுக்கப்படுகிறது. கிணற்றடிக் கைப் பம்பு போல அழுத்தி விடுவதுதான் வேலை. சுரண்டுவது அல்ல. பம்பு அடிக்கப் பலம் அதிகம் வேண்டாம். பல முறை அடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

எவ்வளவு பலம் என்று அறியச் சமையலறைத் தராசு உதவும். தட்டின் மேல் பழந்துணி ஒன்றை மடித்துப் போட்டு, வழக்கமாகத் துவைக்கும் வேகத்தில் பிரஷை அழுத்திப் பாருங்கள். எனக்கு மூன்று கிலோவுக்கு மேல் காட்டியது. அந்த அழுத்தத்தில் பிரஷைப் பக்கவாட்டில் பார்த்தால் முட்கள் மடங்கிப் படுத்துவிடுவது தெரியும். நுனிகள் நூலைத் தொடுவதே இல்லை. முள்ளின் விலாப்பகுதி துணி மேல் வழுக்கிப் போகிறது. அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோவுக்குள் காட்டும்போது முட்கள் நிமிர்ந்து நின்று நுனியால் வேலை செய்கின்றன. கடுமையாக அழுத்தினால் அழுக்கும் குறைவாகத்தான் போகிறது, துணியும் தேய்கிறது.

தேய்வு முதலில் விழுவது மடிப்பின் முகட்டில். காலரை மடித்த வாக்கிலேயே தேய்த்தால் கையின் பலம் முழுவதும் ஒரு மெல்லிய கோட்டின் மேல் இறங்குகிறது. அங்கே பருத்தி இழைகள் அறுந்து மேலே எழும்பும். சில மாதங்களில் மடிப்பு நைந்து உள்துணி எட்டிப் பார்க்கும். அதனால் காலரை முழுக்க விரித்து, சலவைக் கல்லிலோ பலகையிலோ சமமாகப் பரப்பிக்கொள்ள வேண்டும். காலரின் நீளவாக்கில் ஒரே திசையில் தேய்க்க வேண்டும். பிரஷ் இல்லையென்றால் துணியைத் துணியோடு கசக்குவதைவிட உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி எடுப்பது மேல். காலருக்குள் ஒட்டப்பட்ட விறைப்புத் துணியும் இருக்கிறது. கசக்கினால் பசை விட்டுப்போய், இஸ்திரி போட்ட பிறகு காலர் குமிழ் குமிழாக எழும்பும். அதைச் சரிசெய்வது கடினம்.

எப்போது நிறுத்துவது என்பதை நுரை சொல்லிவிடும். முதல் ஐந்தாறு இழுப்பில் நுரை சாம்பலும் பழுப்புமாக வரும். சில துளி தண்ணீர் தெளித்து மேலும் பத்து இழுப்பு. நுரை வெண்மையாகிவிட்டால் வெளியே வரக்கூடியது வந்துவிட்டது என்று பொருள். ஒரு காலருக்கு இருபது, இருபத்தைந்து இழுப்பு. நேரக் கணக்கில் அரை நிமிடம். நுரை வெளுத்த பிறகும் கோடு தெரிந்தால் மீண்டும் கட்டி போட்டுப் பத்து நிமிடம் விடுவதுதான் வழி.

கஃப் பகுதியில் எண்ணெயைவிட மேசைத் தூசியும் பென்சில் கரியும் மையும் அதிகம். தூசி துகளாக இருப்பதால் அங்கே பிரஷுக்குக் காலரைவிடக் கொஞ்சம் கூடுதல் வேலை உண்டு. ஆனால் கஃபின் கூர்விளிம்பும் மடிப்பு முகடு போலத்தான், அதை விட்டு உள்பக்கம் மட்டும் தேய்த்தால் போதும். பொத்தானைக் கழற்றி விரித்துக்கொள்ளுங்கள்.

மெஷினில் போடுமுன் அந்தப் பகுதிகளை ஒரு முறை அலசிப் பிழிய வேண்டும். பத்துச் சட்டையின் கட்டி நுரை அப்படியே உள்ளே போனால், முன்பக்கம் கதவுள்ள மெஷினில் துணி மேலிருந்து விழுந்து அடிபடும் வேகத்தை நுரை மெத்தை போலத் தாங்கிக்கொள்ளும்; சலவை மந்தமாகிவிடும். நிரப்புப் பொருளும் கறுப்புச் சட்டைகளில் வெள்ளைத் தூளாகப் படியும்.

ஆழ்துளைக் கிணற்று நீர் புழங்கும் வீடுகளில் எண்ணெயிலிருந்து காய்ச்சிய பழைய பார் சோப்பைக் காலருக்குப் போடாதீர்கள். கடின நீரிலுள்ள கால்சியம் அந்தச் சோப்போடு சேர்ந்து கரையாத பிசினாகி, இருக்கும் கோட்டின் மேல் இன்னொரு சாம்பல் கோட்டைப் பூசிவிடும். டிடர்ஜென்ட் கட்டி கால்சியத்தை அதைவிட நன்றாகத் தாங்கும். பட்டுக்கும் கம்பளிக்கும் எந்தக் கட்டியும் வேண்டாம். சோடாவின் காரம் அவற்றின் புரதத்தைத் தின்றுவிடும்.

சில காலர்களில் நுரை முதல் இழுப்பிலிருந்தே வெள்ளையாக வரும், மஞ்சள் கோடு மட்டும் அப்படியே நிற்கும். அது பழைய எண்ணெய். காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, பெயிண்ட் காய்வதுபோல நூலில் இறுகியிருக்கும். அரைகுறையாகத் துவைத்து இஸ்திரி போடும் ஒவ்வொரு முறையும் சூடு அதை விரைவுபடுத்துகிறது. அதற்குக் கட்டியும் பிரஷும் பயன்படாது. வெள்ளைச் சட்டையானால் துணி வெளுக்கும் தூளான சோடியம் பெர்கார்பனேட் கலந்த வெதுவெதுப்பான நீரில் சில மணி நேரம் ஊறப்போட வேண்டும். கோடு இப்படி இறுகாமல் தடுக்க, துவைத்து எடுத்த காலரில் அது இன்னும் தெரிந்தால் அன்றைக்கு அதை இஸ்திரிப் பெட்டிக்குக் கொண்டுபோகாமல், ஈரத்தோடேயே மீண்டும் கட்டி போட்டுச் சுருட்டி வாளியில் வைத்துவிடுங்கள்.